அனேரோபிக் ஜாடியில் ஆக்சிஜன் நீங்கியதா? நிறங்காட்டிப் பட்டையை மூன்று முறை பார்க்கும் முறை

சீழில் ஆக்சிஜன் இருந்தால் வளராத காற்றில்லா பாக்டீரியாக்களைத் தேடும் சிறிய ஆய்வகங்களில் வழக்கமாக நடப்பது இதுதான். தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி, ஆக்சிஜனைத் தீர்க்கும் வாயு உறையைப் போட்டு, மூடியை இறுக்கி இன்குபேட்டரில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், ஆக்சிஜன் இருந்தால் நீலமாகவும் தீர்ந்தால் வெள்ளையாகவும் மாறும் நிறங்காட்டிப் பட்டை வெள்ளையாக இருக்கிறது. தட்டுகளில் எதுவும் இல்லை. 'காற்றில்லா பாக்டீரியா வளரவில்லை' என்று அறிக்கை போய்விடுகிறது. பட்டை எத்தனை மணிக்கு வெளுத்தது, ஜாடிக்குள் போகும்போது அது நீலமாகத்தான் இருந்ததா, ஜாடியைத் திறந்தபின் மறுபடி நீலமானதா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இந்த மூன்றும் தெரியாமல் எழுதிய அறிக்கையை நம்பி மருத்துவர் மருந்தை நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த வழிகாட்டி பெரும்பாலான மருத்துவமனை ஆய்வகங்களில் இருக்கும் 2.5 லிட்டர் ஒளிபுகும் ஜாடியைப் பற்றியது. பன்னிரண்டு பெட்ரி தட்டுகள் வரை கொள்ளும் அந்த ஜாடியை எப்படித் தயார் செய்வது, பட்டையை எப்போது, எப்படிப் பார்ப்பது, பட்டை பொய் சொல்லும்போது எப்படிக் கண்டுபிடிப்பது என்பவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜாடிக்குள் ஆக்சிஜன் எப்படித் தீர்கிறது

மெக்கின்டோஷும் ஃபில்டெஸும் 1916-இல் அமைத்த ஜாடியின் அடிப்படைதான் இன்றும் நிற்கிறது. மூடிய கலத்துக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தி, வினையூக்கியின் உதவியால் அதை அங்குள்ள ஆக்சிஜனுடன் சேர்த்துத் தண்ணீராக்கிவிடுவது. அதற்கு வாயு உருளையும் வெற்றிடப் பம்பும் வேண்டியிருந்தன. 1966-இல் புரூவரும் ஆல்கயரும் இந்தத் தொல்லையை ஒரு சிறிய உறைக்குள் அடக்கினார்கள். உறைக்குள் சோடியம் போரோஹைட்ரைடு மாத்திரை ஒன்றும், சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலந்த மாத்திரை ஒன்றும் இருக்கும். 10 மில்லி தண்ணீர் ஊற்றினால் முதலாவதிலிருந்து ஹைட்ரஜனும் இரண்டாவதிலிருந்து கார்பன் டைஆக்சைடும் வெளிவரும். மூடியின் அடிப்பக்கம் கம்பிவலைக்குள் இருக்கும் பல்லேடியம் பூசிய அலுமினாக் குருணைகள் அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இணைத்துவிடும். கார்பன் டைஆக்சைடு வீணுக்கு அல்ல. பல காற்றில்லா பாக்டீரியாக்கள் அது இல்லாமல் சரியாக வளர்வதில்லை.

இப்போது அதிகம் விற்கும் இரண்டாம் வகை உறையில் ஹைட்ரஜனே கிடையாது. அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, ஆக்சிஜனை நேரடியாக உறிஞ்சிக்கொண்டு கார்பன் டைஆக்சைடை வெளிவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வினையூக்கியும் வேண்டாம். உறையை உலோகத்தாள் மேலுறையிலிருந்து எடுத்த கணமே வேலையைத் தொடங்கிவிடுவதால், ஒரு நிமிடத்துக்குள் ஜாடிக்குள் போட்டு மூடிவிட வேண்டும். நன்றாக வேலை செய்யும் உறை அரை மணி நேரத்தில் ஆக்சிஜனை 1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிடும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் அறிகுறிகளில் பாதி இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. அஸ்கார்பிக் அமில உறையில் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தவர்களும் உண்டு, ஹைட்ரஜன் உறையில் தண்ணீர் ஊற்ற மறந்தவர்களும் உண்டு.

இடையில் ஒன்று. மெழுகுவர்த்தி ஏற்றி மூடும் ஜாடியை 'காற்றில்லா ஜாடி' என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை இன்னும் கேட்கிறேன். மெழுகுவர்த்தி அணையும்போதும் ஜாடியில் 16, 17 சதவீத ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும். கார்பன் டைஆக்சைடு கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். கோனோகாக்கஸுக்கு அது போதும். காற்றில்லா பாக்டீரியாவான பாக்டீராய்டிஸுக்கு அது வெளிக்காற்றுதான்.

பட்டை உண்மையில் எதை அளக்கிறது

நிறங்காட்டிப் பட்டை ஆக்சிஜனின் அளவைக் காட்டும் கருவி அல்ல. அதில் நடப்பது ஓர் இழுபறி. மெத்திலீன் புளூ சாயம், குளுக்கோஸ், சிறிது காரம் ஆகிய மூன்றும் ஈரமான தாளில் ஏற்றப்பட்டிருக்கின்றன. காரத்தில் இருக்கும் குளுக்கோஸ் சாயத்தை ஒடுக்கி நிறமற்றதாக்கப் பார்க்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதை மறுபடி ஆக்சிஜனேற்றம் செய்து நீலமாக்குகிறது. ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் நீலம் வெல்லும். அதன் வரத்து நின்றால் குளுக்கோஸ் வெல்லும், பட்டை வெளுக்கும்.

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் செய்துகாட்டும் 'நீலப் புட்டி' சோதனையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அதே மூன்று பொருள்களும் கலந்த கரைசலைக் குலுக்கினால் நீலமாகும். சற்று நேரம் அப்படியே வைத்தால் நிறமற்றுப்போகும். இதில் கவனிக்க வேண்டியது, புட்டியின் மேற்பகுதி முழுக்கக் காற்று இருக்கும்போதே கீழே உள்ள கரைசல் வெளுத்துவிடுகிறது என்பதுதான். கரைசலுக்குள் ஆக்சிஜன் கரையும் வேகத்தைவிடக் குளுக்கோஸ் வேலை செய்யும் வேகம் அதிகம், அதனால்தான். திரவம் ஆழமாக இருந்தால் இந்த ஏமாற்று நடக்கும். பட்டையில் திரவம் மெல்லிய படலமாக மட்டும் இருப்பதால் ஆக்சிஜன் சட்டென்று சாயத்தை எட்டிவிடுகிறது. ஆகவே பட்டை சுற்றியுள்ள வாயுவின் நிலையை ஓரளவு நேர்மையாகக் காட்டுகிறது.

பட்டை வாங்க வழியில்லாத ஆய்வகங்கள் பழைய முறையில் சோதனைக்குழாயில் இதையே செய்துகொள்ளலாம். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 6 மில்லியைத் தண்ணீர் சேர்த்து 100 மில்லியாக்கி ஒரு புட்டியிலும், 0.5 சதவீத மெத்திலீன் புளூ கரைசல் 3 மில்லியை அதேபோல் 100 மில்லியாக்கி இன்னொரு புட்டியிலும், 6 சதவீதக் குளுக்கோஸ் கரைசலைப் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு சிறு தைமால் படிகம் போட்டு மூன்றாவதிலும் வைத்துக்கொள்ள வேண்டும். ஜாடி வைக்கும் நேரத்தில் மூன்றையும் சம அளவில் ஒரு குழாயில் கலந்து, நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, உடனே ஜாடிக்குள் வைத்து மூட வேண்டும். ஆக்சிஜன் போகாவிட்டால் குழாயின் மேல் விளிம்பிலிருந்து நீலம் இறங்கும். குழாயில் எப்போதும் திரவத்தின் மேற்பரப்பைத்தான் பார்க்க வேண்டும். அடிப்பகுதி வெள்ளையாக இருந்து மேலே ஒரு நீல வளையம் தெரிந்தால் ஜாடியில் ஆக்சிஜன் இருக்கிறது என்றுதான் பொருள். அடியைப் பார்த்து 'வெளுத்துவிட்டது' என்று எழுதுவது நீலப் புட்டியில் ஏமாறுவதேதான்.

சில பட்டைகளில் மெத்திலீன் புளூவுக்குப் பதில் ரெசசூரின் இருக்கும். அது இரண்டு படியாக மாறும். முதலில் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு வரும். இந்த மாற்றம் ஒருவழிப் பாதை, திரும்பாது. பிறகு இளஞ்சிவப்பிலிருந்து நிறமற்ற நிலைக்குப் போகும், இது திரும்பும். நமக்குப் பயன்படுவது இந்த இரண்டாம் படிதான். எனவே நீலம் போய் இளஞ்சிவப்பானதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. இளஞ்சிவப்பு என்றால் ஆக்சிஜன் இருக்கிறது. பி.எச். 7-இல் மெத்திலீன் புளூவின் ஒடுக்க மின்னழுத்தம் +11 மில்லிவோல்ட், ரெசசூரினின் இரண்டாம் படிக்கு -51 மில்லிவோல்ட். அதாவது ரெசசூரின் வெளுக்க ஜாடிக்குள் இன்னும் கடுமையான ஒடுக்க நிலை வேண்டும். இரண்டில் அதுதான் கண்டிப்பானது.

வெப்பநிலையும் இந்த இழுபறியில் தலையிடுகிறது. 37 டிகிரியில் குளுக்கோஸ் வேகமாக வேலை செய்யும். குளிர்ந்த அறையில் மெதுவாக. குளிரூட்டிய அறையின் மேசை மீது ஜாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் பட்டை வெளுக்கவில்லையே என்று கவலைப்படுவதில் பயனில்லை. ஆக்சிஜன் முன்பே போயிருக்கலாம். சாயம் இன்னும் மாறி முடிக்கவில்லை, அவ்வளவே. மெத்திலீன் புளூ பட்டை முழுதும் வெளுக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆவது இயல்பு.

ஜாடியைத் தயார் செய்தல்

முதலில் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ, ஒட்டிய அகார் துணுக்கோ இருந்தால் அங்கேதான் கசிவு. சுத்தமாகத் துடைத்து, வேக்யூம் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். ஜாடியின் விளிம்பையும் அதேபோல் துடைக்க வேண்டும்.

ஹைட்ரஜன் வகை என்றால் அடுத்தது வினையூக்கி. ஈரம் அதன் முதல் எதிரி. ஒவ்வொரு முறையும் ஜாடிக்குள் தண்ணீர் உண்டாவதால் குருணைகள் நனைந்தே வெளியே வருகின்றன. பாக்டீரியாக்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடும் பல்லேடியத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். ஆகவே ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பின்னும் வினையூக்கியைக் கழற்றி, உலர்வெப்ப அடுப்பில் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து உலர்த்த வேண்டும். இரண்டு செட் வைத்திருந்தால் ஒன்று அடுப்பில் இருக்கும்போது மற்றொன்று ஜாடியில் இருக்கும். ஈரம் போனால் வினையூக்கி மீளும். சல்பைடு அதிகம் ஏறியது மீளாது. உலர்த்திய பிறகும் அடுத்தடுத்த ஜாடிகளில் பட்டை தாமதமாகவே வெளுக்கிறது என்றால் புதியது வாங்குங்கள்.

தட்டுகள் புதியனவாக இருக்கட்டும். வெளிச்சத்திலும் காற்றிலும் நாள்கணக்கில் கிடந்த அகாரில் பெராக்சைடுகள் சேர்ந்திருக்கும். ஜாடி எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தத் தட்டில் காற்றில்லா பாக்டீரியா வளர மறுக்கும். பட்டை அதைச் சொல்லாது. ஊற்றிய அன்றே பயன்படுத்துவது நல்லது. இல்லையென்றால் முந்தைய இரவே தட்டுகளை வேறொரு காற்றில்லா ஜாடியில் வைத்திருந்து எடுக்கலாம்.

சீழைத் தட்டுகளில் தீற்றியதும் தாமதிக்காமல் அடுக்குங்கள். அகார் மேற்புறம் இருக்கும்படி தலைகீழாக வைத்தால் உண்டாகும் நீர் காலனிகள் மேல் சொட்டாது. பட்டையை அதன் உறையிலிருந்து எடுப்பது வாயு உறையைப் போடுவதற்கு முந்தைய வேலை. உறைக்குள் அது காற்றில்லாமல் அடைக்கப்பட்டிருப்பதால் எடுத்த கணத்தில் வெளிறியிருக்கும். காற்றுப் பட்டதும் சில நிமிடங்களில் நீலமாக வேண்டும். இதுதான் முதல் பார்வை. நீலமாகாத பட்டை செத்த பட்டை. அதை ஜாடிக்குள் வைத்தால் இரண்டு நாளும் வெள்ளையாகவே இருந்து உங்களை ஏமாற்றும். முதலிலேயே நீலமாக இருக்கும் பட்டையும் சந்தேகத்துக்கு உரியதுதான். உறையில் ஊசித்துளை விழுந்து காற்று புகுந்திருக்கிறது, குளுக்கோஸ் ஏற்கெனவே தீர்ந்திருக்கலாம். அது உலர்ந்தும் இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். உலர்ந்த தாளில் எந்த வினையும் நடக்காது.

சாயம் ஏற்றிய பகுதியை விரலால் தொடாமல், ஜாடிச் சுவர் வழியாக வெளியிலிருந்து பார்க்கும்படி பட்டையைச் செருகுங்கள். தட்டுகளுக்குப் பின்னால் மறைந்த பட்டையைப் பார்க்க ஜாடியைச் சாய்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வாயு உறையிலிருந்த தண்ணீர் தட்டுகள் மேல் கொட்டியதுதான் மிச்சம்.

பிறகு வாயு உறை. ஹைட்ரஜன் வகையில் மூலையைக் கத்தரித்து ஜாடிக்குள் நிறுத்தி, பிப்பெட்டால் 10 மில்லி தண்ணீர் விட்டு உடனே மூடியை இறுக்குங்கள். அருகில் பன்சன் விளக்கு எரியக் கூடாது. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். உறையின் கொள்ளளவும் ஜாடியின் கொள்ளளவும் பொருந்த வேண்டும். 2.5 லிட்டர் காற்றில் சுமார் 525 மில்லி ஆக்சிஜன் உண்டு, 3.5 லிட்டரில் 735 மில்லி. சிறிய ஜாடிக்கான ஒற்றை உறையைப் பெரிய ஜாடியில் போட்டு மிச்சம் பிடிப்பவர்கள் மீதி 210 மில்லி ஆக்சிஜனை யார் தீர்ப்பது என்று யோசிப்பதில்லை.

முதல் அரை மணி நேரமும் இரண்டாம் பார்வையும்

மூடியதும் ஜாடியை இன்குபேட்டருக்குள் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ஹைட்ரஜன் வகையில் அரை மணிக்குள் இரண்டு அறிகுறிகள் தெரிய வேண்டும். வினையூக்கி இருக்கும் மூடியின் நடுப்பகுதி கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். உள்சுவரில் பனி படரும். 525 மில்லி ஆக்சிஜன் முழுவதும் தண்ணீரானால் முக்கால் மில்லிக்குச் சற்று அதிகமாகத்தான் வரும். கண்ணாடிக்குள் மூச்சுவிட்டது போன்ற மங்கல், ஆங்காங்கே சிறு துளிகள், அவ்வளவு எதிர்பார்த்தால் போதும். இந்த இரண்டும் வினை தொடங்கிவிட்டது என்பதைக் காட்டும். முடிந்துவிட்டது என்பதைக் காட்டாது.

அஸ்கார்பிக் அமில வகையில் வினையூக்கி இல்லாததால் மூடி சுடாது, உறைதான் சுடும். சுவரில் ஈரம் தெரிந்தாலும் அது தட்டுகளிலிருந்து எழுந்த ஆவியாக இருக்கலாம். ஆகவே அந்த வகையில் பனியை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. பட்டை மட்டும்தான் சாட்சி.

இரண்டாம் பார்வை அன்று மாலையில். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பட்டை வெளுத்திருக்க வேண்டும். நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இந்தக் குறிப்புதான் பெரும்பாலும் விடுபடுகிறது. 48 மணி நேரத்தில் வெள்ளையாக இருக்கும் பட்டை, முதல் நாள் மாலையில் வெளுத்ததா, மறுநாள் நள்ளிரவில் வெளுத்ததா என்று தன்னால் சொல்ல முடியாது. இடைப்பட்ட அந்த நேரமெல்லாம் ஆக்சிஜனில் கிடந்த மென்மையான பாக்டீரியாக்கள் செத்திருக்கும்.

ஆறு மணி நேரம் கழித்தும் நீலமாகவே இருந்தால் காத்திருப்பதில் பொருளில்லை. ஹைட்ரஜன் வகையில் வினையூக்கி வேலை செய்யாமல் ஹைட்ரஜன் மட்டும் உள்ளே நிறைந்திருந்தால் அது வெடிக்கக்கூடிய கலவை. தீயும் மின்பொறியும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் திறந்து சற்று நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு புதிய உறை, உலர்த்திய வினையூக்கி, புதிய பட்டை ஆகியவற்றுடன், மிச்சம் வைத்த சீழிலிருந்து புதிய தட்டுகளில் மறுபடி தொடங்குங்கள். பழைய தட்டுகளையே திரும்ப மூடுவது நேர விரயம்.

ஒரு சீழ் மாதிரி, தொடக்கம் முதல் முடிவு வரை

குடல்வால் வெடித்த நோயாளியின் வயிற்றிலிருந்து ஊசிக்குழலில் உறிஞ்சிய சீழ் காலை பத்து மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துர்நாற்றம். கிராம் சாயத்தில் சீழ் அணுக்கள், தெளிவான சிவப்புக் கோல்வடிவ பாக்டீரியாக்கள், வெளிறிய சிறு கோல்கள். வெளிறிய கோல்களைக் கண்டதும் பாக்டீராய்டிஸ் மனதில் வர வேண்டும்.

ஹெமினும் வைட்டமின் கே1-உம் சேர்த்த இரத்த அகார் தட்டு ஒன்று, நியோமைசின் கலந்த இரத்த அகார் ஒன்று. இரண்டாவது ஈ.கோலையின் ஆதிக்கத்தைக் குறைப்பதற்காக, ஈ.கோலைக்கு ஆக்சிஜன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், ஜாடிக்குள்ளும் தட்டை நிறைத்துவிடும். இரண்டிலும் தீற்றலின் முதற்பகுதி ஓரத்தில் 5 மைக்ரோகிராம் மெட்ரோனிடசோல் மருந்து ஏற்றிய வட்டு. மூன்றாவது தட்டைக் காற்றிலேயே வைக்க வேண்டும், ஒப்பிடுவதற்கு. மீதிச் சீழில் கொஞ்சம் ராபர்ட்சன் வேகவைத்த இறைச்சி ஊடகத்தின் அடியில்.

இதே ஜாடிக்குள் இரண்டு கட்டுப்பாட்டுத் தட்டுகளும் போகின்றன. ஒன்றில் பாக்டீராய்டிஸ் ஃப்ரஜிலிஸ், மெட்ரோனிடசோல் வட்டுடன். இன்னொன்றில் வளர ஆக்சிஜன் தேவைப்படும் சூடோமோனாஸ் ஏருஜினோசா. முதலாவது வளர வேண்டும், வட்டைச் சுற்றி வளர்ச்சியற்ற வளையம் விட வேண்டும். இரண்டாவது வளரவே கூடாது. மெட்ரோனிடசோல் ஒடுக்கப்பட்டால்தான் செயல்படும் மருந்து என்பதால் அந்த வளையமே ஒடுக்க நிலைக்கு ஓர் உயிர்ச் சாட்சி.

10.40-க்கு ஜாடி மூடப்படுகிறது. பட்டை நன்றாக நீலம். 11.10-க்கு மூடி வெதுவெதுப்பு, சுவரில் மங்கல். மூன்று மணிக்குப் பட்டை வெளிர்நீலம். ஓரங்கள் முதலில் வெளுத்து நடுவில் மட்டும் ஒரு தீவு போல நீலம் நிற்கிறது. 4.30-க்கு அதுவும் போய்விட்டது. மறுநாள் காலையும் வெள்ளை. காற்றில் வைத்த தட்டில் ஈ.கோலை மட்டும் வந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் ஜாடியைத் திறந்து பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். இளம் காலனிகள் காற்றைத் தாங்காது. வாயு அழுகலுக்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று சந்தேகம் இருந்தால் அதற்குத் தனி ஜாடி வைத்து 24 மணி நேரத்தில் திறக்க வேண்டும். இதைக் கலக்கக் கூடாது.

48 மணி நேரத்தில் திறப்பதற்கு முன் பட்டையைப் பார்க்கிறோம்: வெள்ளை. திறக்கிறோம். மூன்றாம் பார்வை இப்போது. பட்டையை எடுத்துக் காற்றில் வைத்தால் சில நிமிடங்களில் நீலம் திரும்ப வேண்டும். திரும்பினால் சாயம் உயிரோடிருக்கிறது, வெளுத்ததற்குக் காரணம் ஆக்சிஜன் இல்லாததுதான். திரும்பாவிட்டால் சாயம் சிதைந்துவிட்டது, கடைசியாக அது காட்டிய வெள்ளைக்கு மதிப்பில்லை.

நம் ஜாடியில் நீலம் திரும்பியது. சூடோமோனாஸ் தட்டு வெறுமை. கட்டுப்பாட்டு பாக்டீராய்டிஸ் வளர்ந்து வளையம் விட்டிருக்கிறது. நோயாளியின் நியோமைசின் தட்டில் சாம்பல் நிறப் பளபளப்பான காலனிகள், வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம். சாதாரண இரத்த அகாரில் வளையமே தெரியவில்லை. பயப்பட வேண்டாம், மெட்ரோனிடசோலுக்கு அசையாத ஈ.கோலை வட்டின் விளிம்பு வரை வளர்ந்து அதை மூடிவிட்டது. வளையத்தை நியோமைசின் தட்டில் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். சந்தேகக் காலனி ஒவ்வொன்றையும் காற்றில் ஒரு தட்டிலும் புதிய ஜாடியில் ஒரு தட்டிலும் பிரித்துத் தீற்றி, ஜாடியில் மட்டும் வளர்வதை உறுதி செய்த பிறகே அது காற்றில்லா பாக்டீரியா என்று எழுத வேண்டும்.

பட்டையும் தட்டும் ஒத்துப்போகாதபோது

பட்டை வெள்ளை, ஆனால் சூடோமோனாஸ் வளர்ந்திருக்கிறது என்றால் முதலில் மூன்றாம் பார்வையின் முடிவைப் பாருங்கள். நீலம் திரும்பவில்லையென்றால் பட்டைதான் பொய் சொன்னது. திரும்பியிருந்தால் ஊடகத்தைச் சந்தேகியுங்கள்: நைட்ரேட் உள்ள ஊடகத்தில் சூடோமோனாஸ் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைப் பயன்படுத்தி வளரக் கூடியது. கட்டுப்பாட்டுத் தட்டுக்கு நைட்ரேட் சேராத ஊடகத்தைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

முதல் நாள் வெளுத்த பட்டையில் இரண்டாம் நாள் லேசான நீலம் ஏறினால் அது மெதுவான கசிவு. உறையின் ஆற்றல் தீர்ந்தபின் வளையத்தின் வழியே காற்று ஊறியிருக்கிறது. வெளிர்நீலத்தை 'கிட்டத்தட்ட வெள்ளை' என்று எழுதும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. அப்படி ஒரு நிறம் இந்தச் சோதனையில் கிடையாது.

பனி படர்ந்தது, மூடி சூடானது, ஆனாலும் பட்டை நீலமாகவே நிற்கிறது என்றால் வினை நடந்தும் ஆக்சிஜன் மிஞ்சுகிறது: உறை ஜாடிக்குச் சிறியது, அல்லது கசிவு. பனியும் இல்லை, சூடும் இல்லை என்றால் உறைக்குள் நுரை பொங்கியதா என்று பாருங்கள். பொங்கியிருந்தால் குற்றம் வினையூக்கியுடையது. பொங்காவிட்டால் உறையே பழையது. அஸ்கார்பிக் அமில உறை என்றால், பிரித்த பின் கையில் சூடேறாமல் கெட்டிப்பட்டுக் குளிர்ந்து கிடப்பதே பழையது என்பதற்கு அடையாளம். வேலை முடிந்த அதே உறை ஜாடியைத் திறந்தபின் காற்றுப் பட்டு மறுபடி சூடாகலாம். ஆறவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

கட்டுப்பாட்டு பாக்டீராய்டிஸே வளராத ஜாடியிலிருந்து நோயாளிக்கு 'வளரவில்லை' என்று எழுத முடியாது. அந்த நாளின் அறிக்கையில் 'காற்றில்லா வளர்ப்பு செல்லுபடியாகவில்லை. இறைச்சி ஊடகத்திலிருந்து மறுவளர்ப்பு நடக்கிறது' என்று எழுதி, கிராம் சாயத்தில் கண்ட வெளிறிய கோல்களையும் சேர்த்து மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இறைச்சி ஊடகத்திலிருந்து எடுத்த துளியைப் புதிய தட்டுகளில் தீற்றி, பட்டையின் நீலத்தைப் பார்த்துவிட்டு ஜாடியை மறுபடி மூடலாம்.